அடிக்கடி வரும் தலைவலிக்கு முதலில் எந்த டாக்டர்?



நம் டிரஸ்ட்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் ஒரு வகை எங்களைத் தொடர்ந்து யோசிக்க வைக்கிறது. "தலைவலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க உதவி தேவை" என்று இரண்டு வரி இருக்கும். எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்று கேட்டால் பெரும்பாலும் யாருமில்லை. பக்கத்து வீட்டில் சொன்னார்கள், வெளிநாட்டில் இருக்கும் மச்சான் போனில் சொன்னார், தலைக்குள் என்ன இருக்கிறதோ என்று பயம், அவ்வளவுதான். இன்னொரு பக்கம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியவர்கள் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் படுத்திருப்பதையும் பார்க்கிறோம். யார் நம் தெருவிலுள்ள குடும்ப டாக்டரிடம் போக வேண்டும், யார் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும், அங்கே முதல் நாள் என்ன நடக்கும் என்பதை ஒரு சகோதரியின் கதையைக் கொண்டு சொல்கிறோம். அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். பெயரும் தெருவும் மட்டும் சொல்லவில்லை.

அவருக்கு வயது 36. இரண்டு பிள்ளைகள். வீட்டிலேயே தையல் வேலை. கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். ஆறு வருடமாகத் தலைவலி. தொடக்கத்தில் மாதம் இரண்டு தடவை வரும். ஒரு பக்கப் பொட்டில் விண்விண் என்று தெறிக்கும், வாந்தி வரும், அறையை இருட்டாக்கிப் படுத்துத் தூங்கி எழுந்தால் போய்விடும். கண்ணில் கோளாறு என்று கண்ணாடி போட்டார். சைனஸ் என்றார்கள், அதற்கு எக்ஸ்ரே எடுத்து மூக்குக்குச் சொட்டு மருந்து விட்டார். இரண்டு வருடம் முன்பு தாமாகவே ஸ்கேன் சென்டருக்குப் போய் சி.டி. ஸ்கேனும் எடுத்தார். அதில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் தலைவலி நின்றபாடில்லை. இப்போது ஏறக்குறைய தினமும் வலி. சி.டி.யில் தெரியாதது எம்.ஆர்.ஐ.யில் தெரியும் என்று யாரோ சொல்ல, மனுவோடு வந்தார்.

நாங்கள் மனுவை மறுக்கவில்லை, நிறுத்தி வைத்தோம். நம் மஹல்லாவில் பல வருடமாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் அம்மாவைப் பார்த்துவிட்டு வாருங்கள், அவர் எழுதிக் கொடுத்தால் தருகிறோம் என்றோம். சகோதரிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "ஆறு வருஷத் தலைவலிக்கு, காய்ச்சல் பார்க்கும் டாக்டர் என்ன செய்வார்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். திரும்பத் திரும்ப வரும் தலைவலியில் பெரும் பகுதி இரண்டே வகை. ஒன்று ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேன். மற்றொன்று தலையைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கியது போன்ற இறுக்கத் தலைவலி. இந்த இரண்டையும் எந்த ஸ்கேனும் காட்டாது. ரத்தப் பரிசோதனையும் காட்டாது. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். கேட்பதற்கு நரம்பியல் படிப்பு கட்டாயமில்லை. உங்களை முன்பே தெரிந்த, உங்கள் ஆஸ்துமாவும் பிரஷரும் தெரிந்த, வீட்டு நிலவரமும் ஓரளவு தெரிந்த குடும்ப டாக்டர் அதை நன்றாகவே செய்வார்.

டாக்டர் அம்மா முதலில் கேட்டது, "மாதத்தில் எத்தனை நாள் தலை துளிகூட வலிக்காமல் இருக்கிறது?" என்று. "எத்தனை நாள் வலிக்கிறது" என்று கேட்டால், படுக்க வைத்த வலியை மட்டும்தான் கணக்கில் சொல்வோம். லேசான வலியெல்லாம் விட்டுப்போகும். சகோதரி யோசித்து, "அஞ்சு நாள், ஆறு நாள் இருக்கும்" என்றார். அடுத்த கேள்வி மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் தலைவலி என்று சொல்லி வாங்கிய மாத்திரை, கைப்பையிலேயே இருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தார் டாக்டர். பாரசிட்டமாலோடு காபியில் இருக்கும் கஃபீனும், எர்காட் என்ற மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை. பத்து மாத்திரை அட்டை எத்தனை நாள் வரும் என்று கேட்டார். இரண்டு வாரம் வந்துகொண்டிருந்தது, இப்போது ஒரு வாரம்தான் வருகிறது என்றார் சகோதரி.

சிக்கல் அங்கேதான் இருந்தது. வலிக்காகப் போடும் மாத்திரையே, அளவு மீறினால், தலைவலியைத் தினசரி வலியாக்கிவிடும். மாத்திரையின் வேகம் குறையும்போது வலி வருகிறது, வலிக்கு மறுபடி மாத்திரை, அது குறையும்போது மறுபடி வலி. டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு இது: வெறும் பாரசிட்டமால், இப்யூபுரூஃபன் போன்றவை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், கூட்டு மாத்திரை, எர்காட் போன்றவை மாதத்தில் 10 நாளும் அதற்கு மேலும், மூன்று மாதத்தைத் தாண்டிப் போட்டால் இந்தச் சுழலில் விழ வாய்ப்பு உண்டு. கணக்கு மாத்திரையின் எண்ணிக்கையில் இல்லை, போட்ட நாட்களின் எண்ணிக்கையில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு போட்டாலும் அது ஒரு நாள்தான். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வலி மாத்திரை தேவைப்பட்டால் டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் மளிகைச் சாமானோடு சேர்த்து இந்த மாத்திரையும் வாங்கி வருகிறோம். அதனால் இதை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. டாக்டர் "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால், "ஒன்றும் இல்லை" என்றுதான் பதில் வரும்.

டாக்டர் அம்மா பிரஷர் பார்த்தார், கண்ணின் கீழிமையை இழுத்து ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்தார், கழுத்தை அசைத்துப் பார்த்தார், நடக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தன. இது மைக்ரேன், மாத்திரையால் தினசரி வலியாக மாறியிருக்கிறது என்று அவரே முடிவுக்கு வந்துவிட்டார். இருந்தும் நரம்பியல் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி, இவ்வளவு காலம் எர்காட் போட்டிருக்கிறார், அதை நிறுத்தும்போது பக்கத்தில் அனுபவமுள்ளவர் இருக்கட்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

இந்தச் சகோதரியின் வலி இன்னும் மாதம் இரண்டு தடவை என்ற நிலையிலேயே இருந்திருந்தால், நரம்பியல் மருத்துவர் தேவையே இல்லை. வலி தொடங்கிய உடனே, முற்ற விடாமல், சரியான அளவில் ஒரு மாத்திரையும் வாந்திக்கு ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்து குடும்ப டாக்டரே பார்த்துக்கொள்வார். மாதம் நாலு நாளுக்கு மேல் வேலை கெடுகிற அளவுக்கு வலி வந்தால், வராமல் தடுக்கும் மருந்தை அவரே தொடங்கவும் முடியும். அதை இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் பலனில்லை, வேறொன்று கொடுத்தும் பலனில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம். இது என்ன வகைத் தலைவலி என்று குடும்ப டாக்டருக்கே பிடிபடாவிட்டாலும் அனுப்புவார். வலிக்கு முன் பார்வையில் மினுமினுப்பு வருவது மைக்ரேனில் உள்ளதுதான். ஆனால் கை கால் பலம் குறைவது, பேச்சு குழறுவது எல்லாம் முதல் தடவை வந்தால் அதை மைக்ரேன் என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். பல தடவை வந்து பழகியது என்றாலும் நரம்பியல் மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ஆண்களுக்கு அதிகம் வரும் ஒரு வகை உண்டு. ஒரே கண்ணைச் சுற்றித் தாங்க முடியாத வலி, அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் வடியும், கால் மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் வரை இருக்கும், பல இரவுகளில் அதே நேரத்துக்கு எழுப்பிவிடும். மைக்ரேன்காரர் அசையாமல் படுப்பார். இவரால் படுக்கவே முடியாது, அறைக்குள் நடப்பார். இதற்குச் சாதாரண வலி மாத்திரை கேட்காது. சிலருக்கு ஆக்சிஜன் வைத்தே வலியை அடக்குகிறார்கள். இவரை நேரே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவதே நல்லது. ஒளூ செய்யும்போது தண்ணீர் பட்டாலோ, பல் தேய்த்தாலோ ஒரு பக்கக் கன்னத்தில் மின்சாரம் பாய்ந்தது போல் ஒரு நொடி வெட்டுகிற வலியும் அப்படித்தான். அது தலைவலியே அல்ல, முகத்து நரம்பின் வலி. பல் வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு.

இதுவரை சொன்னது நாள்பட்ட வலி. இரண்டு டாக்டரில் யார் என்ற கேள்விக்கே இடமில்லாத தலைவலிகளும் இருக்கின்றன. இதில் எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சகோதரர் அலுவலகத்துக்கு வந்தார். மனைவிக்குப் பிரசவமாகிப் பன்னிரண்டு நாள், நாலு நாளாகத் தலைவலி, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டப் பண உதவி கிடைக்குமா என்றார். தூக்கமில்லாத தாய்க்குத் தலைவலி வரத்தான் செய்யும், முதலில் உள்ளூரிலேயே காட்டுங்கள் என்று நாங்கள் சொன்னோம். வீட்டிலும் பெரியவர்கள் அதையே சொன்னார்கள். முதுகில் போட்ட மயக்க ஊசியின் வலி என்று ஒருவர், பால் கட்டிக்கொண்டதால் என்று இன்னொருவர். மறுநாள் இரவு அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்தது. மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் நாளத்தில் ரத்தம் உறைந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார். ஆனால் வலது கை பழையபடி ஆக ஒரு வருடம் பிடித்தது. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் ரத்தம் எளிதில் உறையும் தன்மை கொண்டது. பிள்ளை பெற்ற உடம்பு என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் அதை இன்னும் மோசமாக்கும். பிரசவம் முடிந்த பிறகும் ஆறு வாரம் வரை பிரஷர் திடீரென்று ஏறித் தலைவலி, வலிப்பு வருவதும் உண்டு. எனவே கர்ப்பிணிக்கும், பிள்ளை பெற்று ஆறு வாரத்துக்குள் இருப்பவருக்கும், புதிதாக வந்து கூடிக்கொண்டே போகும் தலைவலி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இவர்களிடம் நாங்கள் இப்போது மனு கேட்பதில்லை. 108-க்குப் போன் செய்து அனுப்பிவிட்டுத்தான் மற்ற பேச்சு.

அதேபோல், ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், இடி விழுந்தது போல் வரும் வலி. வாழ்நாளில் இப்படி வந்ததே இல்லை என்று நோயாளி சொல்வார். மூளையைச் சுற்றி ரத்தக் கசிவாக இருக்கலாம். மாத்திரையில் குறைந்தாலும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு கழுத்து விறைத்துத் தாடை நெஞ்சைத் தொட முடியாமல் போவது, மயக்கம், வலிப்பு, வாய் கோணுதல், ஒரு பக்கம் பலம் குறைதல், பார்வை இரண்டாகத் தெரிவது, தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி, இவையெல்லாம் அவசரப் பிரிவுக்கு உரியவை. இருதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, அன்று நன்றாக இருந்து, இரண்டு வாரம் கழித்துத் தலைவலி என்று சொன்னாலும் அடிபட்டதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்றே இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் காட்ட வேண்டியவர்களும் உண்டு. 50 வயதுக்கு மேல் வாழ்க்கையில் முதல்முறையாகத் தலைவலி தொடங்கியவர், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர், விடியற்காலையில் வலியோடு எழுந்து வாந்தி எடுப்பவர், இருமினாலோ குனிந்தாலோ வலி கூடுபவர். வயதானவருக்குப் பொட்டைத் தொட்டாலே வலிக்கிறது, சாப்பிடும்போது மெல்ல மெல்லத் தாடை சோர்ந்து வலிக்கிறது என்றால் தாமதிக்கவே கூடாது. தலையின் ரத்தக்குழாய் அழற்சி ஒன்று அப்படித் தொடங்கிப் பார்வையைப் பறித்துவிடும். உரிய நேரத்தில் மருந்து தொடங்கினால் தடுக்கலாம்.

சரி, சகோதரியின் கடிதத்துக்கு வருவோம். கடிதம் கையில் இருந்தும் போகிற இடத்தில் ஒரு குழப்பம் நேர்ந்தது. முதலில் அவர் போய் நின்றது நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரின் வாசலில். "நியூரோ" என்ற சொல் பெயர்ப்பலகையில் இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். பெயருக்குப் பின்னால் டி.எம். நியூராலஜி என்றிருந்தால் அவர் மருந்து கொடுத்துப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர். எம்.சி.ஹெச். நியூரோ சர்ஜரி என்றிருந்தால் அறுவை செய்பவர். தலைவலிக்கு முதலில் தேவைப்படுபவர் முன்னவர். தனியாரிடம்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் புறநோயாளிப் பிரிவு நடக்கிறது. எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொண்டு காலையிலேயே போய்விட வேண்டும். கூட்டம் அதிகம், குடும்ப டாக்டரின் கடிதம் அங்கே நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

போவதற்கு முன் டாக்டர் அம்மா ஒரு வேலை கொடுத்திருந்தார். பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றில் நாலு வாரம் குறிப்பு எழுத வேண்டும். தேதி, வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம். வலியின் அளவுக்கு ஒரு எண்: வேலை செய்ய முடிந்தால் 1, சிரமப்பட்டுச் செய்தால் 2, படுத்துவிட்டால் 3. என்ன மாத்திரை, எத்தனை. மாதவிடாய் நாளுக்கு ஒரு கோடு. வலியில்லாத நாளுக்கும் தேதி போட்டு வெறுமனே விட வேண்டும், அதுவும் கணக்குதான். சகோதரி நோட்டை முடித்தபோது வலியில்லாத நாள் ஐந்து, மாத்திரை போட்ட நாள் 22. அதைப் பார்த்து அவரே திகைத்துப்போனார்.

நரம்பியல் மருத்துவர் அறைக்குள் மாமியும் கூடப் போயிருக்கிறார். டாக்டர் கேட்கக் கேட்க மாமியே பதில் சொன்னாராம். டாக்டர் மரியாதையாக, "அம்மா, வலி அவங்களுக்குத்தானே, அவங்க சொல்லட்டும்" என்று சொல்லியிருக்கிறார். நம் வீட்டு ஆண்களுக்கும் இது பொருந்தும். கூடப் போங்கள், பக்கத்தில் இருங்கள், பதிலை மட்டும் அவரிடம் விடுங்கள். மாதவிடாய், கருத்தடை மாத்திரை, தூக்கம், மனக்கவலை எல்லாவற்றையும் கேட்பார்கள், எல்லாவற்றுக்கும் தலைவலியோடு தொடர்பு உண்டு. பிறர் முன்னால் சொல்லக் கூச்சமானவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம்.

முதல் சந்திப்பில் பாதிக்கு மேல் இப்படிக் கேள்விகள்தான். எந்தப் பக்கம், தெறிக்கிறதா அழுத்துகிறதா, மாத்திரை போடாவிட்டால் எத்தனை மணி நேரம், மாடிப்படி ஏறினால் கூடுகிறதா, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போகிறதா, உம்மாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இருந்ததா. நாலு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை நீடிக்கும், நடந்தால் கூடும், வாந்தியும் வெளிச்சக் கூச்சமும் சேர்ந்த வலி என்றால் மைக்ரேனை நோக்கிப் போகிறது. சைனஸ் என்று பல வருடம் சொல்லப்பட்ட வலி விசாரித்ததும் மைக்ரேனாக மாறுவது மிகவும் சகஜம். மைக்ரேன் வரும்போதும் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும் என்பதால் வரும் குழப்பம் அது.

பிறகு பரிசோதனை. இதில் வலிக்கிற காரியம் எதுவும் இல்லை. சிறு விளக்குள்ள கருவியால் கண்ணுக்குள் பார்ப்பார். கண்ணின் பின்புறம் நரம்பு நுழையும் இடம் வீங்கியிருந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்று தெரியும். அந்த ஒரு நிமிடப் பார்வை பல ஸ்கேன்களுக்குச் சமம். விரலைக் கண்ணால் பின்தொடரச் சொல்வார், பல்லைக் காட்டச் சொல்வார், கண்ணை இறுக மூடச் சொல்வார், இரண்டு கையையும் நீட்டிக் கண்ணை மூடி நிற்கச் சொல்வார், சுத்தியலால் முழங்காலில் தட்டுவார், ஒரு காலின் விரல் நுனிக்கு முன் மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். முகத்திரை போடும் சகோதரிகள் முகத்தைக் காட்ட வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அசைகிறதா என்று பார்க்காமல் பரிசோதனை முழுமையாகாது. நர்ஸ் கூட இருக்கட்டும் என்று கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம், அரை மணி நேரம்.

சகோதரிக்கு எம்.ஆர்.ஐ. எழுதவில்லை. ஆறு வருடமாக ஒரே மாதிரி வலி, பரிசோதனையில் குறை எதுவும் இல்லை, பழைய சி.டி.யிலும் எதுவும் இல்லை. தேவையில்லாமல் எடுத்த ஸ்கேனில் யாருக்கும் இருக்கக்கூடிய சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்து, தலைவலிக்குச் சம்பந்தமே இல்லாத அதை நினைத்து வருடக்கணக்கில் கவலைப்படுபவர்கள் இருக்கிறார்கள் என்றும் அவர் சொன்னாராம். முன்னே சொன்ன ஆபத்து அறிகுறி ஏதாவது இருந்தால், வலியின் தன்மை மாறியிருந்தால், பரிசோதனையில் ஏதாவது தட்டினால் அவரே ஸ்கேன் எழுதுவார். அப்போது தயங்காமல் எடுக்க வேண்டும். அந்தச் சீட்டோடு வாருங்கள், டிரஸ்ட் தன்னால் ஆனதைச் செய்யும்.

மருந்துச் சீட்டில் இரண்டு விஷயம் இருந்தது. கூட்டு மாத்திரையை அன்றோடு நிறுத்த வேண்டும். முதல் ஒரு வாரம் பத்து நாள் வலி கூடும், குமட்டும், தூக்கம் கெடும், அதைத் தாங்க வேறு மருந்து கொஞ்ச நாளைக்கு மட்டும். அடுத்து, தலைவலி வராமல் தடுக்க தினமும் இரவில் ஒரு மாத்திரை. இதற்குப் பலவகை மருந்துகள் இருக்கின்றன. புரோப்ரனலால் என்பது பலருக்கும் கொடுப்பது, ஆனால் சகோதரிக்குச் சிறு வயதிலிருந்து ஆஸ்துமா. அவர்களுக்கு அது ஆகாது. டாக்டர் அம்மாவின் கடிதத்தில் அது எழுதியிருந்ததால் கேட்காமலே தெரிந்தது. அமிட்ரிப்டிலின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் எழுதினார். வாய் உலரும், காலையில் கொஞ்சம் தூக்கக் கலக்கம் இருக்கும், பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்றார்.

நாலாவது நாள் சகோதரி அதை நிறுத்திவிட்டார். தம்பி மருந்தின் பெயரைப் போனில் தேடிப் பார்த்து, "இது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை, உனக்கு மனநோய் என்று முடிவு பண்ணிட்டாங்க" என்று சொல்லிவிட்டார். அழுதுகொண்டே எங்களுக்குப் போன் செய்தார். நாங்கள் டாக்டரல்ல, திரும்பவும் டாக்டர் அம்மாவிடமே அனுப்பினோம். மனச்சோர்வுக்குக் கொடுப்பது இதைவிடப் பல மடங்கு அதிக அளவில். இந்தச் சிறிய அளவில் இது வலி நரம்புகளை அமைதிப்படுத்தும் மருந்து என்று அவர் விளக்கிய பிறகுதான் மறுபடி தொடங்கினார். மைக்ரேனைத் தடுக்கும் மருந்துகளில் பல, வேறு நோய்க்காக முதலில் வந்தவை. புரோப்ரனலால் பிரஷர் மருந்து, டோபிரமேட் வலிப்பு மருந்து. இது எதற்கு, எவ்வளவு காலம், என்ன பக்க விளைவு என்ற மூன்றையும் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிட்டால் வீட்டுக்கு வந்து பயப்பட வேண்டியதில்லை. கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். வால்ப்ரோயேட், டோபிரமேட் போன்றவை கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். எர்காட்டும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

முதல் பத்து நாள் கடுமையாகத்தான் இருந்தது. தையல் வேலையை நிறுத்திவைத்தார். பிள்ளைகளை மாமி பார்த்துக்கொண்டார். மாமியைப் பற்றி மேலே எழுதியதோடு இதையும் எழுதுவதே நியாயம். மூன்றாம் வாரத்திலிருந்து நோட்டில் வெறுமனே விட்ட தேதிகள் கூடத் தொடங்கின.

அவர் நரம்பியல் மருத்துவரிடம் கடைசியாகக் கேட்டது ரமலானைப் பற்றி. நோன்பின் முதல் சில நாட்கள் அவருக்கு எப்போதும் மோசமாகவே இருக்கும். அதில் பாதி டீயின் வேலை என்றார் டாக்டர். நாளுக்கு ஐந்தாறு டீ குடிப்பவர் ஒரே நாளில் பகல் முழுதும் நிறுத்தும்போது, கடைசி டீக்குப் பின் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கும். ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பே இரண்டு மூன்று நாளுக்கு ஒரு டீ வீதம் குறைத்து, இரண்டில் கொண்டுவந்து நிறுத்தினால் இது பெரும்பாலும் வராது. ஸஹரைத் தவறவிடுவது, இஃப்தாருக்குப் பின் தண்ணீர் போதாமல் போவது, தூக்கம் உடைவது ஆகியவை மைக்ரேன்காரருக்குத் தனித்தனியாகவே வலியைத் தூண்டும். தடுப்பு மாத்திரை இரவில் ஒரு வேளை என்பதால் நோன்புக்கு இடையூறில்லை. பகலில் இரண்டு வேளை சாப்பிடும் மருந்தாக இருந்தால் தாமாக விட்டுவிடாமல் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். அத்தனைக்கும் பிறகு வாந்தியோடு படுக்க வைக்கும் வலி வந்துவிட்டால் நோயாளிக்குரிய சலுகை இருக்கிறது. அதன் விவரத்தை நம் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சந்திப்பு மூன்று மாதம் கழித்து. நோட்டில் அந்த மாதம் வலி வந்த நாள் ஆறு, மாத்திரை போட்ட நாள் நாலு. முழுதும் போய்விடவில்லை, போகும் என்று யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் அம்மாவிடமே காட்டினால் போதும், வலியின் தன்மை மாறினால் மட்டும் வாருங்கள் என்று நரம்பியல் மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் அலுவலகத்தில் நிறுத்தி வைத்திருந்த அந்த எம்.ஆர்.ஐ. மனுவை அவரே வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அவர் கோடு போட்ட மாதிரியிலேயே குறிப்பு நோட்டுகள் சில தயாரித்து வைத்திருக்கிறோம். தேவைப்படுபவர்கள் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் டிரஸ்ட் அலுவலகத்தில் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம்.